நேர்ப்பற்சில்லுச் சோடியின் பல்லிடைத் தளர்வும் மையத் தூர மாற்றமும்

மடுல்சீமை போன்ற மலைப்பகுதித் தேயிலைத் தொழிற்சாலையொன்றில் அதிகாலைக் குளிரில் இயந்திரத்தை இயக்கும்போது பற்சில்லுகள் சத்தமின்றிச் சுழல்கின்றன. சில மணி நேரத்தின் பின் ஊளையிடும் ஒலி கேட்கிறது. பற்களின் இரு பக்கமும் பளபளக்கின்றன. இதற்குரிய காரணத்தைக் கேட்டால், பல மாணவர்கள் “எண்ணெய் போதாது” என்று மட்டும் எழுதிவிடுகின்றனர். பல்லிடைத் தளர்வு, அதாவது பேக்லாஷ், போதாமையும் முக்கிய காரணமாகலாம்.

ஒரு பற்சில்லை அசையாது பிடித்துக்கொண்டு மற்றதை முன்னும் பின்னும் அசைத்தால், பிட்ச் வட்டத்தில் அது நகரும் சிறு தூரமே பல்லிடைத் தளர்வாகும். எண்ணெய்ப் படலத்துக்கும் வெப்ப விரிவுக்கும் இந்த இடைவெளி வேண்டும். இது இல்லாவிடின் பல்லின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே நேரத்தில் அழுந்தி, போதிகைகளையும் சூடாக்கும்.

மையத் தூரத்தைக் கூட்டினால் தளர்வு ஏன் கூடுகிறது? பல்லை ஓர் ஆப்பாக எண்ணிப் பாருங்கள். ஆப்பைப் பள்ளத்திலிருந்து ΔC அளவு வெளியே இழுத்தால் ஒவ்வொரு பக்கத்திலும் ΔC × tan α அளவு இடைவெளி தோன்றும். பக்கங்கள் இரண்டு. எனவே,

j = 2 × ΔC × tan α

இங்கு j பிட்ச் வட்டத்தில் அளந்த தளர்வு. Α அமுக்கக் கோணம். α = 20° எனின் j = 0.728 × ΔC. பழைய இயந்திரங்களிற் காணப்படும் 14½° பற்களுக்கு j = 0.517 × ΔC மட்டுமே. ஆகவே அங்கு அதே தளர்வைப் பெற மையங்களைக் கூடுதலாக விலக்க வேண்டும். சிறிய மாற்றங்களுக்கு இச்சூத்திரம் போதுமானது.

வினா: மொடியூல் 4 மி.மீ., பற்கள் 20, 60, α = 20°. உருக்குப் பற்சில்லுகள் இரும்புப் பெட்டியினுள் உள்ளன. வேண்டிய தளர்வையும் மையத் தூர மாற்றத்தையும் காண்க.

விடை: மையத் தூரம் C = 4 × (20 + 60) ÷ 2 = 160 மி.மீ.

பற்பரப்புக்குச் செங்குத்தான குறைந்தபட்சத் தளர்வுக்கு வழக்கிலுள்ள சூத்திரம்:

jn = ⅔ × (0.06 + 0.0005 C + 0.03 m)
= ⅔ × (0.06 + 0.08 + 0.12) = 0.173 மி.மீ.

பிட்ச் வட்டத்தில் j = jn ÷ cos 20° = 0.184 மி.மீ.

ΔC = 0.184 ÷ 0.728 = 0.25 மி.மீ.

எனவே மையத் தூரம் 160.25 மி.மீ. ஆகும். பற்கள் இன்வொலூட் வடிவுடையவை என்பதால் வேக விகிதம் 3:1 ஆகவே இருக்கும். இயங்கும் அமுக்கக் கோணம் மட்டும் ஏறத்தாழ 20.25° ஆகும்.

இவ்விடை பற்கள் சரியாக நியமத் தடிப்பில் வெட்டப்பட்டவை எனக் கொண்டது. பெரும்பாலும் பற்களைச் சற்று மெலிதாக வெட்டியே தளர்வு தரப்படும். ஆகையால் பொருத்திய பின் முதலில் அளக்க வேண்டும். டயல் கேஜின் முனை பிட்ச் வட்டத்தில், பல்லின் பக்கத்தைத் தொட வேண்டும். ஃபீலர் கேஜ் காட்டுவது jn என்பதை மறக்கவேண்டாம். அது சற்றுக் குறைவாக இருக்கும். சில்லைச் சுற்றிப் பல இடங்களில் அளந்து, மிகக் குறைந்த வாசிப்பையே எடுக்க வேண்டும். சில்லு சற்று மையம் விலகியிருந்தால் ஓரிடத்தில் இறுகி, எதிர்ப்புறத்தில் தளரும். அதிகுறைந்த வாசிப்பு 0.04 மி.மீ. எனின், இன்னும் வேண்டியது 0.144 மி.மீ.; ΔC = 0.144 ÷ 0.728 = 0.20 மி.மீ.

இனி அந்த 0.20 மி.மீ.ஐ எப்படிப் பெறுவது? தண்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தால், மேலுள்ள தண்டின் இரு போதிகைகளின் கீழும் 0.20 மி.மீ. ஷிம் தகடு வைத்தால் சரி. தண்டுகள் பக்கம் பக்கமாக இருந்தால் அதே ஷிம் பயன்தராது: மையத் தூரம் ஆயிரத்திலொரு மி.மீ. கூட மாறாது. அங்கு போதிகைப் பெட்டியைக் கிடையாகவே நகர்த்த வேண்டும். எந்நிலையிலும் ஒரு முனையில் மட்டும் மாற்றினால் தண்டுகள் சமாந்தரம் இழந்து, பல்லின் ஒரு ஓரம் மாத்திரம் சுமையைத் தாங்கும்.

தொடக்கத்தில் கூறிய சூட்டையும் கணக்கிடலாம். பற்சில்லுகள் பெட்டியைவிட 30°C கூடுதலாகச் சூடேறினால், விரிவு 160 × 0.000011 × 30 = 0.053 மி.மீ. இது மையங்களை அவ்வளவு நெருக்கியதற்குச் சமம், தளர்வில் 0.038 மி.மீ. குறையும். 0.184இல் 0.146 மி.மீ. எஞ்சும், ஆனால் குளிரில் 0.04 மட்டுமே இருந்த சோடியில் ஏறத்தாழ ஒன்றும் எஞ்சாது.

தேய்ந்த பற்களால் தளர்வு கூடியிருக்கும்போது மையங்களை நெருக்குவது தவறான பரிகாரமாகும். தேய்வு பல் முழுவதும் ஒரே அளவாக நிகழ்வதில்லை; பிட்ச் வட்டத்தில் அது குறைவு. நெருக்கினால் தேயாத பகுதி முதலில் இறுகும். அத்தகைய சோடியை மாற்றவே வேண்டும்.