'காதல்' இல்லாத காதல் பாட்டு

பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவிலும் கிள்ளானிலும் ஒலிக்கும் பாடல்களைச் சற்றே கவனியுங்கள், நேயர்களே. 'காதல்' வந்தால் கூடவே கண், நிலா, மலர் எல்லாம் வரிசையாக வந்துவிடும். எழுதுபவரின் கை பழகிய தடத்திலேயே ஓடுகிறது. அதை மாற்ற ஒரு வழி உண்டு. காதல் பாட்டு எழுத வேண்டும், ஆனால் 'காதல்' என்ற சொல் வரக்கூடாது!

இது புதுமையல்ல. 17ஆம் நூற்றாண்டில் சிவப்பிரகாச சுவாமிகள் 'திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி' பாடினார். நிரோட்டகம் என்றால் பாடும்போது உதடு ஒட்டவும் குவியவும் கூடாது. ப, ம, வ வரிசை எழுத்துகள் கிடையா. உ, ஊ, ஒ, ஓ, ஔ ஓசைகளும் கிடையா. பத்துமலையில் நாம் வாய் நிறையச் சொல்லும் 'முருகா' என்ற பெயரையே அந்தச் செந்தில் முருகன் நூலில் சொல்ல வழியில்லை! 'வேலா'வும் ஆகாது. 'கந்தா' என்றால் உதடு ஒட்டாது. பழகிய சொல்லின் வாசல் அடைபட்டால், புலவர் வேறு வாசல் தேடித்தானே ஆக வேண்டும்?

நாமும் செய்து பார்ப்போம். கிள்ளான் வட்டாரத்து ரப்பர் தோட்டத்தில், பால் மரம் சீவும் இளைஞன் ஒருவன் பாடுவதாக வைத்துக்கொள்வோம். பழகிய கை இப்படி எழுதும்:

காதல் என்னும் கடலில் விழுந்தேன்
கண்ணே உன்னை எண்ணி அழுதேன்

'காதலை' எடுத்துவிட்டால் முதலில் ஓடி வருவது 'நேசம்'. அது ஏமாற்று வேலை. அந்த இடத்தில் 'காதல்' என்று மறுபடி வைத்துப் பாருங்கள், அப்படியே பொருந்தும். சட்டை மாறியது, ஆள் மாறவில்லை. ஆகவே நேசம், பாசம், அன்பு, ஆசை எல்லாவற்றையும் சேர்த்தே விலக்க வேண்டும். இனி அந்த இளைஞன் என்ன செய்தான் என்பதைத்தான் சொல்ல முடியும்:

வாளி ரெண்டும் உனக்காய்ச் சுமந்தேன்
வாசல் வந்தும் சொல்ல மறந்தேன்

மெட்டு கெடவில்லை. 'காதல்' தேமா, 'வாளி'யும் தேமா. 'விழுந்தேன்' இருந்த இடத்தில் அதே அளவில் 'சுமந்தேன்'. அவளுடைய பால் வாளிகளை ஸ்டோர் வரைக்கும் சுமந்து வந்தவன் சொல்ல மறந்தது எது? கேட்பவர் தாமே அந்தச் சொல்லை நிரப்பிக்கொள்வார்.

ஓர் ஆபத்தும் உண்டு. மறைப்பது மிஞ்சினால் பாட்டு விடுகதையாகிவிடும். வீட்டில் ஒருவரிடம் ஒருமுறை பாடிக் காட்டி, "இது எதைப் பற்றி?" என்று கேளுங்கள். வாளியைப் பற்றி என்று பதில் வந்தால், இன்னும் ஒரு வரி வேண்டும். காதல் என்று வந்தால், பாட்டு நின்றுவிட்டது!