30-உம் 31.6-உம் சேர்ந்தால் 50

செம்புக் கம்பிச் சுருள் ஒன்றையும் ரியோஸ்டாட் எனப்படும் மாற்றத்தக்க மின்தடை ஒன்றையும் அடுத்தடுத்து, அதாவது தொடரிணைப்பில், இணைக்கிறோம். ரியோஸ்டாட்டை 30 ஓமில் நிறுத்துகிறோம். வீட்டு மின்சாரத்தை 50 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் மின்மாற்றியிலிருந்து மின்சாரம் வருகிறது. சுற்றில் ஓடும் மின்னோட்டம் 1 ஆம்பியர். வோல்ட்மீட்டரை ரியோஸ்டாட்டின் இரு முனைகளில் வைத்தால் 30 வோல்ட் காட்டுகிறது. சுருளின் இரு முனைகளில் வைத்தால் 31.6 வோல்ட். இரண்டையும் கூட்டினால் 61.6. ஆனால் மின்மாற்றி தருவதோ 50 வோல்ட்தான்.

மீட்டரில் பழுதில்லை. நாம் கூட்டிய விதம்தான் பொருந்தவில்லை. பேட்டரியில் ஓடும் நேர்திசை மின்சாரத்தில் வோல்ட்டுகளை அப்படியே கூட்டலாம். மாறுதிசை மின்சாரமோ நொடிக்கு 50 முறை ஏறி இறங்குகிறது. வோல்ட்மீட்டர் அந்த அலையின் பயனுறு அளவைச் சொல்லுமே தவிர, அலை எந்தக் கணத்தில் உச்சிக்குப் போகிறது என்று சொல்லாது. ரியோஸ்டாட்டின் மின்னழுத்தமும் சுருளின் மின்னழுத்தமும் ஒரே கணத்தில் உச்சியை எட்டுவதில்லை. அதனால் கூட்டுத்தொகை குறைகிறது.

எவ்வளவு முன்பின் என்பதுதான் கேள்வி. மின்தடையில் மின்னோட்டம் உச்சிக்குப் போகும்போதே மின்னழுத்தமும் உச்சிக்குப் போகும். இரண்டும் ஒரே கட்டத்தில் இருக்கின்றன. மின்தூண்டியின் இயல்பு வேறு. மின்னோட்டம் எவ்வளவு இருக்கிறது என்பதல்ல, எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதே அதன் மின்னழுத்தத்தை முடிவு செய்கிறது. உச்சியில் மின்னோட்டம் ஒரு கணம் மாறாமல் நிற்கிறது. அப்போது மின்தூண்டியின் மின்னழுத்தம் சுழி. மின்னோட்டம் சுழியைக் கடக்கும்போதுதான் மிக விரைவாக மாறுகிறது. அப்போது மின்னழுத்தம் உச்சியில் நிற்கிறது. ஆகவே மின்தூண்டியின் மின்னழுத்தம் மின்னோட்டத்தைவிடக் கால் சுற்று முந்துகிறது. முழுச் சுற்று 20 மில்லிவினாடி என்பதால், கால் சுற்று 5 மில்லிவினாடி. கோணத்தில் சொன்னால் 90 டிகிரி.

இந்த முன்பின்னைத் தாளில் காட்டுவதுதான் கட்ட விளக்கப்படம். ஒவ்வோர் அலைக்கும் ஓர் அம்பு. அம்பின் நீளம் வோல்ட் அளவு, அதன் திசை கட்டம். தொடரிணைப்பில் எல்லா உறுப்புகளிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம் என்பதால், அதையே அடிப்படையாகக் கொண்டு கிடைமட்டமாக வலப்பக்கம் வரைகிறோம். முந்துபவை இடஞ்சுழியாக, அதாவது மேல்நோக்கித் திரும்பும். பாடநூலில் உள்ள தூய மின்தூண்டிக்குப் படம் எளிது. மின்தடையின் அம்பு மின்னோட்டத்தின் மேலேயே படுத்திருக்கும். அதன் நுனியிலிருந்து மின்தூண்டியின் அம்பு செங்குத்தாக எழும். தொடக்கப் புள்ளியையும் கடைசி நுனியையும் இணைக்கும் கோடே மொத்த மின்னழுத்தம். அது அடிக்கோட்டோடு செய்யும் கோணம்தான் கட்டக்கோணம்.

நம் அளவுகளை இந்தச் செங்கோண முக்கோணத்தில் பொருத்திப் பார்ப்போம். 30-இன் வர்க்கம் 900, 31.6-இன் வர்க்கம் ஏறக்குறைய 1000. கூட்டி வர்க்கமூலம் கண்டால் 43.6 வருகிறது, 50 வரவில்லை. பலர் இதைச் சரிபார்க்காமல் 31.6-ஐ 30-ஆல் வகுத்து, கோணம் 46.5 டிகிரி என்று எழுதிவிடுவார்கள். வர்க்கக் கணக்கு இடித்தாலே ஒரு செய்தி தெரிந்துவிடுகிறது: இந்தச் சுருள் தூய மின்தூண்டி அல்ல. அதன் கம்பிக்கும் மின்தடை உண்டு. ஆகவே சுருளின் அம்பு நேரே எழாமல் முன்பக்கம் சாய்ந்திருக்கிறது.

எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரியாமலே படத்தை வரைந்துவிடலாம். மூன்று பக்கங்களும் தெரிந்தால் முக்கோணம் தானாக அமைந்துவிடுமே! 1 சென்டிமீட்டருக்கு 5 வோல்ட் என்று அளவு வைத்துக்கொள்வோம். கிடைமட்டமாக 6 சென்டிமீட்டர் கோடு. அது ரியோஸ்டாட்டின் 30 வோல்ட். அதன் இடது முனையில் காம்பஸை ஊன்றி 10 சென்டிமீட்டர் ஆரத்தில் ஒரு வில். அது மின்மாற்றியின் 50 வோல்ட். வலது முனையில் ஊன்றி 6.3 சென்டிமீட்டர் ஆரத்தில் இன்னொரு வில். அது சுருளின் 31.6 வோல்ட். வில்கள் அடிக்கோட்டுக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு இடங்களில் வெட்டும். மின்தூண்டியில் மின்னழுத்தம் முந்துவதால் மேலே உள்ள புள்ளியே நமக்கு உரியது. மின்தேக்கியாக இருந்தால் கீழே உள்ளதை எடுக்க வேண்டும்.

இடது முனையிலிருந்து அந்தப் புள்ளிக்குக் கோடு இழுத்து, கோணமானியை வைத்தால் 37 டிகிரிக்குச் சற்றே குறைவாக வரும். மின்னோட்டம் மின்னழுத்தத்துக்கு அவ்வளவு பின்தங்குகிறது. நேரத்தில் ஏறத்தாழ 2 மில்லிவினாடி.

படம் இன்னொன்றையும் தருகிறது. வெட்டுப்புள்ளியிலிருந்து அடிக்கோட்டின் திசைக்குச் செங்குத்து இறக்குங்கள். அது அடிக்கோட்டின் முனையைத் தாண்டி 2 சென்டிமீட்டரில் விழும். உயரம் 6 சென்டிமீட்டர். முதலாவது 10 வோல்ட், இரண்டாவது 30 வோல்ட். மின்னோட்டம் 1 ஆம்பியர் என்பதால், சுருளின் மின்தடை 10 ஓம் என்றும் அதன் தூண்டல் எதிர்ப்பு 30 ஓம் என்றும் பிரிந்து கிடைத்துவிட்டன. இணைப்பைக் கழற்றி மல்டிமீட்டரில் சுருளை அளந்தால் அதே 10 ஓம் வர வேண்டும். சுருளுக்குள் இரும்பு உள்ளகம் இருந்தால் மட்டும் மல்டிமீட்டர் குறைவாகக் காட்டும். மாறுதிசை மின்சாரத்தில் இரும்பும் சூடேறி ஆற்றலைத் தின்கிறது. படத்தில் அதுவும் மின்தடையாகவே தெரியும்.

திறனையும் இதே முக்கோணத்திலிருந்து எடுக்கலாம். 36.9 டிகிரியின் கோசைன் 0.8. ஐம்பது வோல்ட்டை 1 ஆம்பியரால் பெருக்கி 0.8-ஆல் பெருக்கினால் 40 வாட். ரியோஸ்டாட்டில் 30 வாட், சுருளின் கம்பியில் 10 வாட் என்று வெப்பக் கணக்கும் ஒத்துப்போகிறது. வாட்மீட்டர் இல்லாமல் திறனை அளக்க 1891-இல் அயர்ட்டனும் சம்ப்னரும் வெளியிட்ட மூன்று வோல்ட்மீட்டர் முறை இந்த முக்கோணம்தான்.

முறை எளிது என்றாலும் ரியோஸ்டாட்டைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மேலே சொன்ன அமைப்பில் சுருளின் மின்னழுத்தத்தை அரை வோல்ட் கூடுதலாகப் படித்துவிட்டால் கோணம் 1 டிகிரி அளவே பிசகும். ரியோஸ்டாட்டை 3 ஓமாகக் குறைத்து, அதே 1 ஆம்பியர் ஓடும்படி மின்னழுத்தத்தையும் இறக்கினால், அதே அரை வோல்ட் பிழை கோணத்தைச் சுமார் 10 டிகிரி தள்ளிவிடும். அடிக்கோடு குட்டையாகி, மற்ற இரு பக்கங்களும் கிட்டத்தட்ட ஒரே நீளமாகி, வில்கள் ஒன்றையொன்று உரசியபடி வெட்டுவதே காரணம். ரியோஸ்டாட்டின் மின்னழுத்தமும் சுருளின் மின்னழுத்தமும் ஏறக்குறைய சமமாக இருக்கும்படி வைத்துக்கொண்டு, மூன்று அளவுகளையும் ஒரே மீட்டரால் எடுத்தால் வில்கள் தெளிவாக வெட்டும், கோணமும் நம்பத்தக்கதாக இருக்கும்.