மது தரும் அரைத் தூக்கம்

மது குடித்தவருக்குச் சீக்கிரம் தூக்கம் வருவது உண்மை. மூளையின் பரபரப்பை அடக்கும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை மது கூட்டுகிறது; மூளையை விழிப்பாக வைத்திருக்கும் குளூட்டமேட்டின் வேலையைக் குறைக்கிறது. அதனால் படுத்த சில நிமிடங்களிலேயே கண் சொருகிவிடுகிறது. ‘ஒரு பெக் போட்டால்தான் தூக்கம் வரும்’ என்று பலர் சொல்வது இந்த அனுபவத்தை வைத்துத்தான். தூங்கத் தொடங்கிய பிறகு என்ன நடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

இயல்பான தூக்கம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக நகர்கிறது. இரவின் முற்பாதியில் ஆழ்ந்த தூக்கம் அதிகம். பிற்பாதியில் கண்விழிகள் மூடிய இமைக்குள் வேகமாக அசைகிற, தெளிவான கனவுகள் வருகிற ரெம் தூக்கம் அதிகம். நினைவுகள் பதிவதற்கும் மனம் நிதானப்படுவதற்கும் இந்த ரெம் தூக்கம் துணைசெய்கிறது. மது இந்த ஒழுங்கைத்தான் கலைக்கிறது.

எழுபது கிலோ எடையுள்ள ஓர் ஆண் இரவு ஒன்பதரைக்குத் தொடங்கி, பத்து மணிக்குள் 90 மி.லி. விஸ்கி குடித்துவிட்டுப் படுப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் சுமார் 30 கிராம் ஆல்கஹால் இருக்கும். கல்லீரல் அதை மணிக்கு ஏழெட்டு கிராம் என்ற கணக்கில்தான் எரிக்கும். அவசரப்படுத்த வழியில்லை, காபியோ குளியலோ அதற்கு உதவாது. ஆக, இரத்தத்திலிருந்து மது முழுக்க நீங்க அதிகாலை ஒன்றரை, இரண்டு மணியாகிவிடும். அதுவரை அவர் கட்டைபோலக் கிடப்பார். ஆழ்ந்த தூக்கம் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கலாம்; ரெம் தூக்கமோ தள்ளிப்போகும், குறைந்தும்போகும். இரண்டு பெக் அளவிலேயே இந்தக் குறைவு தென்படுகிறது.

சிக்கல் இரண்டு மணிக்குமேல் தொடங்குகிறது. இவ்வளவு நேரம் மது அழுத்தி வைத்ததை ஈடுகட்ட மூளை எதிர்த்திசையில் இழுத்துக்கொண்டிருந்தது. அழுத்தம் நீங்கியதும் அந்த இழுப்பு மட்டும் மிஞ்சுகிறது. மூளை விறுவிறுப்பாகிறது, இதயத் துடிப்பு கூடியிருக்கிறது, உடல் வியர்க்கிறது. தள்ளிவைக்கப்பட்ட ரெம் தூக்கம் மொத்தமாக வந்து, விபரீதமான கனவுகளைத் தருகிறது. சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனை மது குறைத்திருப்பதால் சிறுநீர் முட்டுகிறது, நாக்கு வறள்கிறது. மூன்று மணிக்கு விழித்தவர் மறுபடி கண்ணயர்ந்தாலும் மேலோட்டமான தூக்கமே வாய்க்கிறது. காலையில் எழும்போது ஏழு மணி நேரம் படுத்திருந்த கணக்கு இருக்கும். களைப்பு மட்டும் போயிருக்காது.

அளவு கூடினால் இந்த நேரக் கணக்கு நீள்கிறது. ஒரு குவார்ட்டரில், அதாவது 180 மி.லி.யில், ஆல்கஹால் ஏறக்குறைய 60 கிராம். அது கரைய எட்டு மணி நேரம் பிடிக்கும் என்பதால் விடியும்போதும் போதை மிச்சமிருக்கும். முன்கூட்டியே குடித்துவிட்டால் தப்பிக்கலாம் என்பதும் முழுக்கச் சரியல்ல. சூரிக் நகரில் நடந்து 1996இல் வெளியான ஆய்வொன்றில் நடுவயது ஆண்களுக்குப் படுக்கைக்கு ஆறு மணி நேரம் முன்பே மது தரப்பட்டது. படுக்கும்போது அவர்கள் மூச்சில் மது இல்லை. ஆனாலும் இரவின் பிற்பாதித் தூக்கம் கலைந்தது.

குறட்டை விடுபவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். மது தொண்டைத் தசைகளைத் தளர்த்துவதால் மூச்சுக்குழாயின் மேற்பகுதி எளிதில் அடைபடுகிறது. மூச்சு நின்றால் எழுப்பிவிடும் மூளையின் எச்சரிக்கையும் மந்தமாகிறது. குறட்டை திடீரென நின்று, சில நொடி அமைதிக்குப்பின் திணறலோடு மறுபடி தொடங்குவதைப் பக்கத்தில் படுத்திருப்பவரே முதலில் கவனிப்பார். அதைத் தட்டிக்கழிக்காமல் மருத்துவரிடம் சொல்வது அவசியம். தூக்க மாத்திரையோடு மதுவைச் சேர்ப்பது மூச்சையே நிறுத்திவிடக்கூடும்.

தினமும் குடிப்பவருக்கு, தூங்கவைக்கும் பலனும் சில இரவுகளிலேயே மங்கத் தொடங்குகிறது. பிற்பாதிக் கேடு மங்குவதில்லை. பழைய பலன் வேண்டி அளவைக் கூட்டினால், பகல் களைப்பும் கூடுகிறது. களைப்பைப் போக்கக் காபி, காபியால் வராத தூக்கத்துக்கு மறுபடி மது என்று இரண்டும் மாறிமாறி ஓடும். நெடுநாள் குடித்தவர் நிறுத்தும்போது தூக்கமின்மை வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில்கூட நீடிக்கும். அந்த நாட்களில் குடிக்காததால்தான் தூக்கம் கெட்டது என்று தோன்றுவதால் பலர் திரும்பவும் பாட்டிலிடம் போய்விடுகிறார்கள். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம் என்பதால், நிறுத்துவதை மருத்துவர் மேற்பார்வையில் செய்ய வேண்டும்.