14.22 கிராமும் 13.40 கிராமும்

பியூரெட்டைக் கழுவியாயிற்று. பிப்பெட்டில் சரியாக 20 மில்லிலிட்டர் எடுத்தாயிற்று. நிறம் இளஞ்சிவப்புக்கு மாறிய அந்தத் துளியிலேயே குழாயை மூடியும் ஆயிற்று. இவ்வளவு சரியாகச் செய்த மாணவி விடைத்தாளில் 14.22 கிராம் என்று எழுதுகிறாள். சரியான விடை 13.40 கிராம். கை செய்த வேலையில் குறையே இல்லை; நான்கு வரிக் கணக்கில்தான் தவறு நுழைந்திருக்கிறது.

பிளஸ் டூ வகுப்புக்கு வேதியியல் நடத்தும் ஓர் ஆசிரியை, செய்முறைத் தேர்வுக்கு முன்பாகத் தன் மாணவர்களுக்கு எழுதிய கடிதம் இந்த நான்கு வரிகளைப் பற்றியதுதான். ஆண்டுதோறும் பதிவேடுகளைத் திருத்தும்போது அதே சில தவறுகளே திரும்பத் திரும்பக் கண்ணில் படுவதால், அவற்றை ஒரே கணக்கில் வைத்துக் காட்டிவிட அவர் முடிவு செய்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது ஃபெரஸ் சல்பேட்டின் அளவைக் கண்டறியும் சோதனை. பெர்மாங்கனேட்டைக் கொண்டு இரும்பின் அளவைக் கண்டறியும் முறையை 1846-இல் பிரெஞ்சு வேதியியலாளர் மார்க்கரித் வெளியிட்டார். நம் பள்ளி ஆய்வகங்களில் இன்றும் நடப்பது அதன் வழிவந்ததே.

சோதனையில் மூன்று கரைசல்கள் இருக்கும். வலிமை தெரிந்த ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட் திட்டக் கரைசல். கடிதத்தின் கணக்கில் அதன் நார்மாலிட்டி 0.1024. வலிமை தெரியாத ஃபெரஸ் சல்பேட் இன்னொன்று. இரண்டையும் இணைக்கும் பாலமாகப் பியூரெட்டில் பொட்டாசியம் பெர்மாங்கனேட். முதல் தரம்பார்த்தலில் திட்டக் கரைசலைக் கொண்டு பெர்மாங்கனேட்டின் வலிமையைக் கண்டுபிடிக்கிறோம். இரண்டாவதில் அந்தப் பெர்மாங்கனேட்டைக் கொண்டு ஃபெரஸ் சல்பேட்டின் வலிமையைக் கண்டுபிடிக்கிறோம். முதல் கணக்கில் தவறினால் அந்தத் தவறு அப்படியே இரண்டாவதற்கும் போகும்.

ஆசிரியை முதலில் கை வைப்பது அட்டவணையில். முதல் தரம்பார்த்தலில் மூன்று முறை செய்து பார்த்த மாணவனின் பியூரெட் அளவீடுகள் இவை: 0-விலிருந்து 20.9 வரை, 0-விலிருந்து 20.6 வரை, 0.4-லிருந்து 21.0 வரை. மூன்றாவது முறை அவன் பியூரெட்டைச் சுழி வரை நிரப்பவில்லை; அதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் கழிக்க மறந்து இறுதி அளவீட்டையே செலவான கனஅளவாக எழுதினால் 20.9, 20.6, 21.0 என்று மூன்றும் மூன்று விதமாக நிற்கும். ஒத்த அளவீடு கிடைக்கவில்லையே என்று பதறி நான்காவது முறை, ஐந்தாவது முறை என்று செய்துகொண்டே போவான். கழித்துப் பார்த்தால் இரண்டாவதும் மூன்றாவதும் அச்சாக 20.6.

இங்கேயே இன்னொரு பழக்கமும் உண்டு. 20.9, 20.6, 20.6 மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து 20.7 என்று எழுதுவது. முதல் தடவை முடிவுநிலை எங்கே வரும் என்று தெரியாமல் வேகமாக ஊற்றிப் பார்த்தது. அது வழிகாட்ட மட்டுமே, கணக்கில் சேராது. ஒத்து வந்த 20.6 தான் கணக்குக்கு உரியது.

பிப்பெட்டில் எடுத்த 20 மில்லிலிட்டரோடு, குடுவையில் ஊற்றிய நீர்த்த கந்தக அமிலத்தையும் கூட்டி 40 என்று எழுதுவோரும் இருக்கிறார்கள். அமிலத்தையும் குடுவையின் சுவரைக் கழுவிவிட்ட நீரையும் கூட்டவே கூடாது. எவ்வளவு நீர் சேர்ந்தாலும் குடுவையிலுள்ள இரும்பின் அளவு பிப்பெட் கொண்டுவந்ததுதான்.

அடுத்துத்தான் அந்த 14.22 பிறந்த இடம். V₁N₁ = V₂N₂ என்ற சமன்பாடு எல்லோருக்கும் மனப்பாடம். எந்த V யாருடைய N-ஓடு சேரும் என்பதில்தான் குழப்பம். சரியாக எழுதினால் பெர்மாங்கனேட்டின் நார்மாலிட்டி 20 × 0.1024 ÷ 20.6, அதாவது 0.0994. அவசரத்தில் தலைகீழாக 20.6 × 0.1024 ÷ 20 என்று போட்டால் 0.1055. இரண்டு எண்களும் பார்வைக்கு நியாயமாகவே இருக்கின்றன. எதைப் பார்த்தும் சந்தேகம் வராது. ஆனால் தலைகீழானதை வைத்துக் கணக்கை முடித்தால் விடை ஆறு சதவீதம் கூடிவிடுகிறது.

இதற்கு ஆசிரியை சொல்லும் வழி, எண்ணைத் தொடுவதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது. "எந்தக் கரைசல் அதிகம் செலவானதோ அதுதான் வலிமை குறைந்தது. 20 மில்லிலிட்டர் திட்டக் கரைசலுக்கு 20.6 மில்லிலிட்டர் பெர்மாங்கனேட் வேண்டியிருந்தது. அப்படியானால் பெர்மாங்கனேட்டின் நார்மாலிட்டி 0.1024-க்குக் கீழேதான் வர வேண்டும். மேலே வந்தால் மேற்கொண்டு போகாதீர்கள் பிள்ளைகளே, திரும்பிப் பாருங்கள்" என்கிறது கடிதம். இரண்டாவது தரம்பார்த்தலுக்கும் இதே கேள்விதான். அங்கே 20 மில்லிலிட்டர் ஃபெரஸ் சல்பேட்டுக்கு 19.4 மில்லிலிட்டர் பெர்மாங்கனேட் செலவாகிறது. பெர்மாங்கனேட் குறைவாகச் செலவானதால் ஃபெரஸ் சல்பேட்தான் அதைவிட வலிமை குறைந்தது. 19.4 × 0.0994 ÷ 20 என்று போட்டால் 0.0964, கேள்விக்குப் பொருந்துகிறது.

கடிதத்தில் அதிக இடம் பிடித்திருப்பது லாக் டேபிள். கால்குலேட்டர் இல்லாமல் கணக்குப் போடும் மாணவனுக்கு அதுதான் துணை, தடுமாறவைப்பதும் அதுதான். மேலே சொன்ன முதல் கணக்கையே லாக் போட்டுப் பார்ப்போம். 20-க்கு 1.3010. 0.1024-க்கு பார் 1.0103. பார் என்பது முழு எண்ணுக்கு மட்டும் உரிய கழித்தல் குறி, தசமப் பகுதி எப்போதும் கூட்டல்தான். எனவே இரண்டையும் கூட்டினால் 0.3113. இதிலிருந்து 20.6-க்குரிய 1.3139-ஐக் கழிக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். சிறிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிப்பதால், சாதாரணக் கழித்தலாகச் செய்து −1.0026 என்று எழுதுகிறார்கள். அதுவரை கணக்கு சரி. பிறகு அந்தக் கழித்தல் குறியைத் தூக்கி 1-இன் தலைமேல் பாராக வைத்துவிடுகிறார்கள். பார் 1.0026 ஆகிவிட்ட எண்ணுக்கு ஆன்டிலாக் பார்த்தால் 0.1006 வருகிறது. ஆனால் −1.0026-இல் தசமப் பகுதியும் கழித்தலில் இருக்கிறது. பார் 1.0026-இல் அது கூட்டலாகிவிட்டது. இரண்டும் வேறு வேறு எண்கள்.

முறையாகச் செய்தால் இப்படி: .3113-லிருந்து .3139 போகாது, முழு எண்ணிடம் ஒன்று கடன் வாங்கினால் 1.3113 − .3139 = .9974. முழு எண் பக்கம் 0 இருந்தது. கடன் கொடுத்தது ஒன்று, கழிக்க வேண்டியது ஒன்று, ஆக −2. விடை பார் 2.9974. ஆன்டிலாக் 0.0994.

0.1006-க்கும் 0.0994-க்கும் வித்தியாசம் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். இதை வைத்து முடித்தால் விடை 13.56 கிராம். அதிகம் செலவானது வலிமை குறைந்தது என்ற முந்தைய சோதனையில்கூட இது பிடிபடாது, ஏனென்றால் 0.1006-உம் 0.1024-க்குக் கீழேதான் இருக்கிறது. அதனால் ஆசிரியை இன்னொரு சோதனை சேர்க்கிறார். 20-ஐ 0.1024-ஆல் பெருக்கினால் 2.048 என்று மனக்கணக்காகவே வந்துவிடும். 2.048-ஐ 20.48-ஆல் வகுத்தால் சரியாக 0.1. நாம் வகுப்பதோ அதைவிடப் பெரிய 20.6-ஆல். ஆகவே விடை 0.1-க்குக் கொஞ்சம் கீழே இருந்தே ஆக வேண்டும், 0.1006 வரவே முடியாது. லாக் டேபிளைத் திறப்பதற்கு முன் இந்த உத்தேச எண்ணைத் தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்துவைக்கச் சொல்கிறார்.

கடைசிப் படி நிறையைக் கண்டுபிடிப்பது: நார்மாலிட்டி × சமான நிறை × 500 ÷ 1000. கொடுத்த கரைசல் 500 மில்லிலிட்டர் என்பதால்தான் இந்த 500. அதை விட்டுவிட்டால் ஒரு லிட்டருக்கான 26.80 கிராம் விடையாகி, இரண்டு மடங்காக நிற்கும். சமான நிறையில் வரும் குழப்பம் இன்னும் மோசம். படிக ஃபெரஸ் சல்பேட்டில் ஏழு நீர் மூலக்கூறுகள் உண்டு, அதற்கு 278. நீரை மறந்தவர் 152 போடுகிறார், விடை 7.33 கிராம். திட்டக் கரைசலில் இருந்த ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்டின் 392-ஐ ஞாபகத்தில் எடுத்துப் போட்டவருக்கு 18.9 கிராம் வருகிறது. கேள்வியை மறுபடி ஒருமுறை படித்து, எந்தப் பொருளின் நிறையைக் கேட்கிறார்களோ அதன் பெயரைப் பக்கத்தில் எழுதிவிட்டு அப்புறம் சமான நிறையைப் போடுவதே இதற்கு மருந்து.

நார்மாலிட்டிக்குப் பதில் மோலாரிட்டியில் கணக்குப் போடும் வகுப்புகளுக்கும் கடிதத்தில் ஒரு பத்தி உண்டு. ஒரு மோல் பெர்மாங்கனேட் ஐந்து மோல் ஃபெரஸ் அயனிகளை ஆக்சிஜனேற்றும். நார்மாலிட்டியில் இந்த ஐந்து, சமான நிறைக்குள்ளேயே அடங்கிவிடும். மோலாரிட்டியில் நாம்தான் போட வேண்டும். போடாமல் விட்டால் விடை ஐந்து மடங்கு பிசகும். பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்தால் இருபத்தைந்து மடங்கு. 0.1 நார்மல் பெர்மாங்கனேட் என்பது 0.02 மோலார் என்ற ஒன்றை நினைவில் வைத்திருந்தால், 0.5 மோலார் என்று விடை வரும்போது கை தானாக நின்றுவிடும்.

இடையில் எண்ணைச் சுருக்குவதைப் பற்றியும் எச்சரிக்கிறார். 0.0994-ஐ "ஏறக்குறைய 0.1 தானே" என்று மாற்றினால் விடை 13.48 ஆகிவிடும். இடைப்படிகளில் நான்கு தசம இடங்கள் இருக்கட்டும், கடைசி விடையில் மட்டும் சுருக்குங்கள் என்பது அவர் சொல்வது. அதே சமயம் 13.4024 என்று நீட்டி எழுதுவதிலும் பொருளில்லை. பள்ளிப் பியூரெட்டில் மிகச் சிறிய பிரிவு 0.1 மில்லிலிட்டர். இரண்டாவது தரம்பார்த்தலில் அந்த ஒரு பிரிவு பிசகினாலே இந்தக் கணக்கின் விடை 0.07 கிராம் நகர்ந்துவிடும்.