சொந்தங்கள் கூடும் இரண்டு நாள்: வரியும் உபயமும்

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதுகிறார்: “எல்லாரும் சேர்ந்து ஒரு ரிசார்ட்டுக்குப் போவோமா? ஆளுக்கு ஐயாயிரம்தான் ஆகும்.” பத்துப் பேர் உடனே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார்கள். மற்றவர்களிடமிருந்து சத்தமே இல்லை. ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவராக வாய் திறக்கிறார்கள். “பையனுக்குப் பரீட்சை இருக்கு சித்தப்பா, இந்தத் தடவை நீங்க போயிட்டு வாங்க.” “அவருக்கு லீவு கிடைக்கலைங்க அத்தை.”

இதில் பாதி, பரீட்சையும் இல்லை, லீவும் இல்லை. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இருபதாயிரம், அதற்கு மேல் பயணச் செலவு. அது முடியாது என்று சொந்தக்காரர்கள் முன்னால் யாரும் சொல்ல மாட்டார்கள். தொகையைச் சொன்னதும் குழு அமைதியாகிவிட்டால், அந்தத் தொகை பாதிப் பேருக்கு எட்டவில்லை என்று புரிந்துகொள்ளலாம். தூரத்துச் சொந்தங்களையும் சேர்த்துக் கூட நினைப்பவர்கள் இடத்தையோ உணவையோ யோசிப்பதற்கு முன்னால், பணத்தை எப்படித் திரட்டுவது என்பதைத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அதற்கு நம் ஊர்க் கோயில் கொடைகளிலேயே ஒரு வழி இருக்கிறது. கொடை என்றால் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். அது எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை, கட்டக்கூடிய தொகை. பந்தல், மேளம், அன்னதானம் போன்ற பெரிய செலவுகளை வசதியுள்ளவர்கள் உபயமாக ஏற்றுக்கொள்வார்கள். வரி கட்டியவருக்கும் உபயம் ஏற்றவருக்கும் கோயிலில் உரிமை ஒன்றுதான். குடும்பக் கூடலுக்கும் இதே முறை அழகாகப் பொருந்துகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு பூட்டனாரின் நான்கு பிள்ளைகள் வழியில் கிளைத்த 22 குடும்பங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 88 பேர். அதில் எழுபதைத் தாண்டியவர்கள் பத்துப் பேர், பிள்ளைகள் 24 பேர். சிலர் சென்னையில், சிலர் கோயம்புத்தூரில், இரண்டு வீட்டார் வளைகுடாவில், மற்றவர்கள் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கிறார்கள். சனிக்கிழமை மாலை கூடி ஞாயிறு மாலை கலைவதாகத் திட்டம்.

சிறிய மண்டபம், மின்சாரம், துப்புரவு எல்லாம் சேர்த்து 30,000 ரூபாய். சனி இரவு, ஞாயிறு காலை, மதியம் என மூன்று வேளைச் சாப்பாடு ஏறத்தாழ 33,000. காபி, டீ, சுண்டல் 4,000. ஜங்ஷனிலிருந்து மண்டபத்துக்கும் கோயிலுக்கும் வேன் 6,000. குலதெய்வத்துக்குப் பொங்கலும் பூஜையும் 5,000. படங்கள், அட்டைகள் 4,000. எதிர்பாராத செலவுக்கு 8,000. ஆக மொத்தம் 90,000. ஊருக்கு ஊர் விலை மாறும், ஆனால் இனங்கள் இவைதான்.

இதை 22 வீட்டுக்கும் சமமாகப் பிரித்தால் வீட்டுக்கு 4,000 ரூபாய்க்கு மேல் வரும். மாதச் சம்பளக்காரருக்கு அது ஒரு சுமையே இல்லை. கூலி வேலைக்குப் போகிறவருக்கு அது பல நாள் சம்பளம். அதனால் வீட்டுக்கு 1,500 ரூபாய் மட்டும் வரி. 22 வீட்டுக்கும் சேர்த்து 33,000 வருகிறது. சாப்பாட்டுச் செலவு அதில் முடிந்துவிடுகிறது. எல்லாரும் தங்கள் காசில் சாப்பிடுகிறார்கள். யாரும் யாருடைய விருந்தாளியும் இல்லை. மீதி 57,000 உபயம். மண்டபத்தை மூன்று வீட்டார் பங்கிட்டுக்கொள்ளலாம். வேன் ஒருவருக்கு, பூஜை ஒருவருக்கு, காபி டீ புதிதாக வேலைக்குப் போயிருக்கும் ஒரு பேரனுக்கு.

இந்த ஏற்பாட்டில் கவனமாக இருக்க வேண்டிய இடங்கள் மூன்று. முதலாவது, உபயப் பட்டியலைக் குழுவில் போடும்போது ‘மண்டபம் ஆகிவிட்டது, வேன் ஆகிவிட்டது’ என்று மட்டும் போட வேண்டும். பெயரும் தொகையும் கணக்கு வைத்திருப்பவரோடு நிற்கட்டும். இரண்டாவது, 1,500 ரூபாயும் கஷ்டம் என்ற நிலையில் ஒரு வீடு இருந்தால், அதைக் கண்டறிவது குழுவில் நடக்காது. எல்லாரும் மதிக்கும் ஒரு பெரியம்மாவோ அத்தையோ வீடு வீடாகப் போன் பேசும்போதுதான் அது தெரியவரும். அந்த வீட்டு வரியை அவரே ஓசையில்லாமல் சரிக்கட்டிவிடலாம். வரி கட்டாதவருக்குப் பதிலாக அடுக்களை வேலையைக் கொடுப்பது மட்டும் கூடவே கூடாது. வேலைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தால் பணத்துக்கும் வேலைக்கும் முடிச்சு விழாது.

மூன்றாவது, தலைக்கட்டு என்பதை யார் யார் என்று எண்ணுவது. பழைய வழக்கத்தில் கல்யாணமான ஆண்கள் மட்டுமே தலைக்கட்டு; கட்டிக்கொடுத்த பெண்கள் வெறும் அழைப்பாளிகள். கூடலில் மகள்களின் குடும்பங்களையும் தனித் தலைக்கட்டாக எண்ண வேண்டும். அப்போதுதான் தேதியிலும் செலவிலும் அவர்களுக்கும் பேச்சு இருக்கும். தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு வரி வேண்டாம்.

அடுத்தது தேதி. தென்மாவட்டங்களில் பங்குனி உத்திரத்தன்று குலதெய்வ சாஸ்தா கோயில்களுக்குக் குடும்பம் குடும்பமாகப் போவது வழக்கம் என்பதால், கூடலையும் அன்றே வைக்கலாம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அது பெரும்பாலும் பொதுத்தேர்வு சமயம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ள வீடுகள் வரமாட்டா. மே மாதம் பள்ளிக்கு விடுமுறை. ஆனால் சித்திரையும் வைகாசியும் முகூர்த்த மாதங்கள். மண்டபம் கிடைப்பது அரிது, கிடைத்தால் வாடகை அதிகம். வெயிலில் முதியவர்கள் தளர்ந்துவிடுவார்கள்.

இந்தக் குடும்பத்துக்கு ஆடி மாதம் தோதாக இருக்கும். ஆடியில் கல்யாணங்கள் கிடையாது. மண்டபங்கள் காலியாக இருப்பதால் வாடகையைப் பேசிக் குறைக்க முடியும். வளைகுடாப் பள்ளிகளுக்கு ஜூலை, ஆகஸ்ட் நீண்ட விடுமுறை. அங்கே இருப்பவர்கள் பலர் எப்படியும் அப்போது ஊருக்கு வருகிறார்கள், ஆகவே கூடலுக்கென்று தனியாக விமானச் செலவு இல்லை. இங்குள்ள பிள்ளைகளுக்குச் சனி, ஞாயிறு போதும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்: அது குற்றாலச் சீசன். தென்காசிப் பக்கம் லாட்ஜுகளில் கூட்டம் நெருக்கும், அதனால் தங்கும் இடத்தைத் திருநெல்வேலியை ஒட்டிப் பார்ப்பது நல்லது.

தேதியை நான்கு மாதம் முன்னதாகவே உறுதி செய்துவிட வேண்டும். ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. முன்பதிவு தொடங்கும் நாளை எல்லாருக்கும் நினைவூட்டுவது ஓர் இளைஞரின் பொறுப்பாக இருக்கட்டும். ஞாயிறு இரவு சென்னைக்குத் திரும்பும் ரயில்களில் ஸ்லீப்பர் இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதைத் தவறவிட்டவர் ஆம்னி பஸ்ஸுக்குப் பல மடங்கு கொடுக்க வேண்டியிருக்கும். அப்போது வீட்டுக்கு 1,500 என்று பார்த்துப் பார்த்துக் குறைத்ததற்கே பொருள் இல்லாமல் போய்விடும். நெல்லை எக்ஸ்பிரஸ் போன்ற இரவு வண்டியைப் பிடிக்க வசதியாக, ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியை மாலை நான்கு மணிக்கே முடித்துவிடலாம்.

மண்டபத்தைப் போனில் பேசி முடிக்காமல் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். எழுபது வயதுக்காரரை மனதில் வைத்து நடந்து பார்த்தால் போதும். பல மண்டபங்களில் மேடை மாடியிலும் பந்திக்கூடம் கீழேயும் இருக்கும். லிஃப்ட் இருந்தாலும் கரண்ட் போனால் ஜெனரேட்டரில் அது ஓடுமா என்று கேட்க வேண்டும். கீழ்த்தளத்தில் வெஸ்டர்ன் டாய்லெட் உள்ள அறை குறைந்தது இரண்டு தேவை. முட்டிவலிக்காரர் அதில்லாமல் தண்ணீர் குடிக்கவே பயப்படுவார். சாவி வாங்கும்போது மின் மீட்டரைப் படம் எடுத்துக்கொள்வது அவசியம். ஏனென்றால் பல இடங்களில் வாடகை வேறு, கரண்ட் யூனிட் கணக்கு வேறு, டீசல் வேறு, பாத்திர வாடகை வேறு.

சாப்பாட்டில் இடிப்பது எண்ணிக்கை. சமையல் காண்ட்ராக்டர்கள் இலைக் கணக்கில் பேசுவார்கள். 88 பேர் என்று சொல்லி 60 பேர் வந்தாலும் 88 இலைக்குத்தான் பணம். ‘வருகிறோம்’ என்று குழுவில் போட்டதை வைத்து எண்ணிக்கை சொன்னால் நிச்சயம் உதைக்கும். வரி வந்து சேர்ந்த வீடுகளைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். வரி கட்டக் கடைசி நாளைப் பதினைந்து நாள் முன்னதாக வைத்து, கடைசி எண்ணிக்கையைச் சமையல்காரர் கேட்கும் நாளில் சொல்லிவிடலாம். சின்னப் பிள்ளைகளுக்குத் தனி இலை போடுவதா, அம்மாவோடு சேர்ந்து சாப்பிடுவதா என்பதையும் முன்னதாகவே பேசிவிட வேண்டும். பந்தியில் இலை எண்ண ஒருவர் நிற்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளை முதல் பந்தியில், பன்னிரண்டரைக்குள் உட்கார வைக்க வேண்டும். மாத்திரையும் இன்சுலினும் கடிகாரத்தோடு கட்டுப்பட்டவை. தரையில் அமர முடியாதவர்களுக்கு மேசைப் பந்தி ஒதுக்கலாம்.

எல்லா வயதினரும் ஒன்றாக உட்காரக்கூடிய நிகழ்ச்சி ஒன்றோ இரண்டோ போதும். பூட்டனாரின் நான்கு பிள்ளைகளுக்கும் நான்கு நிற அட்டைகள். கழுத்தில் மாட்டும் அட்டையில் பெயரோடு ‘இன்னாருடைய பேத்தி’ என்று எழுதியிருக்கும். துபாயிலிருந்து வந்த பதினாறு வயதுப் பெண், பச்சை அட்டைக்காரரைப் பார்த்ததும் ‘இவர் எனக்கு மாமா முறை’ என்று கண்டுபிடித்துவிடுவாள். சுவரில் வம்சாவளிப் படம் ஒட்டி, தெரியாத இடங்களில் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். ஒவ்வொரு வீடும் கொண்டுவரும் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை இளைஞர்கள் போனில் படியெடுக்க, யார் எவர் என்று பெரியவர்கள் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் பென்சிலால் கட்டங்களை நிரப்புவார்கள். இதற்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினாலும் போதாது. மைக் இருந்தால்தான் காது மந்தமானவர்களும் கலந்துகொள்ள முடியும்.

எல்லாம் முடிந்து ஒரு வாரத்துக்குள் வரவு செலவைப் பில்களோடு குழுவில் போட வேண்டும். ஒதுக்கிய 8,000 ரூபாயில் மிச்சம் இருந்தால், திருப்பிக் கொடுப்பதா, அடுத்த கூடலுக்கு வைப்பதா என்பதை முன்கூட்டியே முடிவு செய்திருந்தால் பேச்சு வராது. அடுத்த கூடலை எந்தக் கிளை நடத்துவது என்பதை மண்டபத்தைக் காலி செய்யும் முன் அங்கேயே தீர்மானித்துக்கொள்ளலாம். இம்முறை சென்னைக்காரர்கள் தூரம் வந்திருந்தால், அடுத்த முறை திருச்சி போல நடுவான ஊரைப் பார்க்கலாம். உள்ளூர்க் குடும்பங்களுக்கு அப்போது பயணச் செலவு கூடும் என்பதால், வரியை 1,500-க்கும் கீழே இறக்கி, வேனையும் உபயப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.