மஞ்சள் நாலு சொட்டு, நீலம் ஒரு சொட்டு

எல்.கே.ஜி. வகுப்பில் நிறக் கலவை என்றால் பல இடங்களில் அச்சடித்த தாள்தான். ஒரு மஞ்சள் வட்டம், ஒரு நீல வட்டம், பக்கத்தில் பச்சை வட்டம். விடை தாளிலேயே இருப்பதால் குழந்தை கண்டுபிடிக்க அதில் எதுவும் மிச்சமில்லை. மூன்று போஸ்டர் கலர், வெள்ளைக் கிண்ணங்கள், பேனாவுக்கு மை ஊற்றும் ஃபில்லர், நீளவாக்கில் வெட்டிய வெள்ளைத் தாள் ஆகியவை இருந்தால் போதும், நான்கு வயதுக் குழந்தை பச்சையைத் தானே உண்டாக்கும். அதை எப்படி உண்டாக்கியது என்று எழுதாமலேயே குறித்தும் வைக்கும்.

முதல் நாள் மஞ்சளும் நீலமும் மட்டும். சொட்டுச் சொட்டாக விழும்படி இரண்டிலும் சம அளவு தண்ணீர் கலந்துகொள்ள வேண்டும். ஒரு மேசைக்கு நான்கு குழந்தைகளுக்கு மேல் வேண்டாம்; ஆளுக்கொரு கிண்ணம், வண்ணத்துக்கொரு ஃபில்லர்.

எதை முதலில் விடுவது என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. மஞ்சள் முதலில். கிண்ணத்தில் மஞ்சள் நாலு சொட்டு விட்டு, நீலம் ஒரே ஒரு சொட்டு சேர்த்து ஐஸ் குச்சியால் கலக்கினால் மஞ்சள் சட்டென்று பச்சையாகத் திரும்பும். இன்னொரு சொட்டு விட்டால் பச்சை இன்னும் கருக்கும். நீலத்தில் தொடங்கினால் கதை வேறு. நீலச் சாயம் வலுவானது. அதில் மஞ்சளை எத்தனை சொட்டு விட்டாலும் நெடுநேரம் நீலமாகவே தெரியும், குழந்தை சலித்து எழுந்துவிடும்.

பச்சை எங்கிருந்து வருகிறது? நீல வண்ணம் தன்மேல் விழும் வெளிச்சத்தில் சிவப்பை விழுங்கிவிடுகிறது. மஞ்சள் வண்ணம் நீலத்தை விழுங்குகிறது. இரண்டிடமிருந்தும் தப்பித்து நம் கண்ணுக்கு வருவது பச்சை. குழந்தையிடம் இதைச் சொல்ல வேண்டியதில்லை, டீச்சருக்குத் தெரிந்தால் போதும்.

இனி பதிவு. தாளின் இடது ஓரத்தில் தொடங்கி, கிண்ணத்தில் ஒரு சொட்டு விழுந்தவுடன் அதே வண்ணத்தில் விரல் நுனியைத் தொட்டு ஒரு புள்ளி. மறுபடி ஒரு சொட்டு, ஒரு புள்ளி. எல்லாம் விட்டு முடித்தபின் புள்ளி வைக்கச் சொன்னால் பெரும்பாலான குழந்தைகள் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டே போவார்கள். எண்ணிக்கையை மனத்தில் வைத்திருப்பது அந்த வயதில் கடினம். கடைசியில், கிடைத்த கலவையை வலது ஓரத்தில் ஒரு தீற்றல். நாலு மஞ்சள் புள்ளி, ஒரு நீலப் புள்ளி, பிறகு பச்சைத் தீற்றல். எழுத்தே தெரியாத குழந்தைக்கு இது ஒரு சமையல் குறிப்பு.

குறிப்பு சரியா என்று பார்க்க மறுநாள் அந்தத் தாளை வேறொரு குழந்தையிடம் கொடுத்து, "இதே பச்சை வேணும், செய்வியா கண்ணு?" என்று கேட்கலாம். அது புள்ளிகளைத் தொட்டுத் தொட்டுச் சொட்டு விட்டால் பதிவு வேலை செய்கிறது. நிறம் ஒத்துவராவிட்டால் யாரும் தப்புச் செய்ததாக ஆகாது. சொட்டு பெரிதாக விழுந்திருக்கலாம், ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கலாம். அதைக் குழந்தைகளே தேடிப் பேசும் ஐந்து நிமிடம் இந்த வேலையின் மிகச் சிறந்த பகுதி. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: காய்ந்த தீற்றலும் ஈரக் கலவையும் ஒரே மாதிரி தெரியாது. புதிய தீற்றலையும் காயவிட்டே ஒப்பிட வேண்டும்.

சிவப்பு வரும் நாளில் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. மஞ்சளோடு எந்தச் சிவப்பும் ஆரஞ்சு தரும். நீலத்தோடு அப்படியல்ல. ஆரஞ்சுச் சாயலுள்ள வெர்மிலியன் சிவப்பை நீலத்தில் கலந்தால் கத்திரிப்பூ நிறத்துக்குப் பதில் கருத்த பழுப்புதான் வரும். புட்டியில் கிரிம்சன் என்று பார்த்து வாங்குவது நல்லது.

போஸ்டர் கலருக்குப் பதில் மஞ்சள்தூளைக் கரைத்துக் கொடுக்கும் ஆசை பலருக்கு வரும். சுண்ணாம்பு பட்டால் ஆரத்தித் தண்ணீர் சிவப்பது போல, சோப்பு ஒட்டிய கிண்ணத்திலும் அது சிவந்துவிடும். அது ரசாயன மாற்றம், நிறக் கலவை அல்ல. இரண்டையும் ஒரே நாளில் காட்டினால் குழந்தை குழம்பும்.

மூன்று வண்ணமும் மேசைக்கு வரும்போது பெரும்பாலான கிண்ணங்கள் பழுப்பில்தான் போய் முடியும். அவசரப்பட்டுக் கொட்டிவிட வேண்டாம். நாலைந்து பேரின் தாள்களை அருகருகே வைத்தால் ஒரு பழுப்பு செங்காவியாகவும், இன்னொன்று பாசி படிந்ததாகவும் இருக்கும். ஏன் என்று கேட்டால் குழந்தைகள் புள்ளிகளைத்தான் பார்ப்பார்கள்: அங்கே சிவப்பு அதிகம், இங்கே மஞ்சளும் நீலமும் அதிகம்.