பேக்கரிக்கு யார் வருகிறார்கள், எதற்காக வருகிறார்கள்?

சந்தையைப் பிரித்தல், இலக்கைத் தேர்ந்தெடுத்தல், நிலைநிறுத்துதல் என்ற மூன்றும் சந்தையியலில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் வேலைகள். செக்மென்டேஷன், டார்கெட்டிங், பொசிஷனிங் என்று மேலாண்மை வகுப்புகளில் சொல்வது இவற்றைத்தான். வாங்குபவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை என்பதால் முதலில் அவர்களை வகை பிரிக்க வேண்டும். எல்லா வகையினருக்கும் நன்றாகச் செய்து தர ஒரு கடையால் முடியாது என்பதால் அடுத்து சிலரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படித் தேர்ந்தெடுத்தவர்கள் மனதில் அந்தக் கடை எதற்கான கடையாகப் பதிய வேண்டும் என்பதைக் கடைசியில் முடிவு செய்ய வேண்டும். முதல் வேலைக்கு 1956-ல் வெண்டல் ஸ்மித் என்ற அமெரிக்கர் எழுதிய கட்டுரை அடித்தளமிட்டது. மூன்றாவதை அல் ரீஸ், ஜாக் ட்ரௌட் இருவரும் 1970-களில் பரப்பினார்கள்.

பெரிய நிறுவனங்களின் விளம்பரங்களை வைத்தே இதை விளக்குவது வழக்கம். ஆனால் ஒரு சின்ன பேக்கரியில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அங்கே இருப்பது ஓர் அடுப்பு, ஒரு மாஸ்டர், ஓர் உதவியாள், கல்லாவில் ஒருவர். தவறான முடிவு எடுத்தால் அன்று இரவே அலமாரியில் மிஞ்சி நிற்கும்.

தமிழ்நாட்டு மாவட்டத் தலைநகர் ஒன்றின் குடியிருப்புப் பகுதியில் அப்படி ஒரு கடை இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். சுற்றிலும் தனி வீடுகள், இரண்டு அடுக்குமாடிக் குடியிருப்புகள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு சின்ன மருத்துவமனை. மெயின் ரோட்டில் கிளைகள் பல கொண்ட கேக் கடை ஒன்று. அதற்குப் பக்கத்தில் கம்பெனி பிரெட் விற்கும் சூப்பர் மார்க்கெட். நம் பேக்கரியில் பிரெட், பன், பப்ஸ், தேங்காய் பன், ரஸ்க், ஹனி கேக், க்ரீம் கேக் எல்லாம் கிடைக்கும். விற்பனையும் நடக்கிறது. ஆனால் எந்தப் பொருளுக்காகவும் யாரும் இந்தக் கடையைத் தேடி வருவதில்லை.

வாங்குபவர்களைப் பிரிக்கச் சொன்னால் பெரும்பாலோர் முதலில் எடுப்பது வயது, வருமானம், ஆண், பெண் என்ற கணக்குகள். பேக்கரிக்கு இவை அதிகம் உதவாது. 40 வயதுப் பெண் ஒருவர் நான்கு மணிக்குப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வரும்போது பப்ஸ் வாங்குகிறார். ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனையில் இருக்கும் உறவினரைப் பார்க்கப் போகும்போது பிரெட்டும் ரஸ்க்கும் வாங்குகிறார். மகளின் பிறந்தநாளுக்கு ஒரு கிலோ கேக் சொல்கிறார். ஆள் ஒருவர்தான், ஆனால் அவர் எதிர்பார்ப்பது மூன்று முறையும் வேறு. பப்ஸ் சூடாக இருக்க வேண்டும். ரஸ்க் பாக்கெட் பார்க்கச் சுத்தமாக இருக்க வேண்டும். கேக்கில் பெயரைப் பிழையில்லாமல் எழுதி, சொன்ன நேரத்துக்குத் தர வேண்டும். அதனால் இங்கே ஆட்களைப் பிரிப்பதைவிட அவர்கள் வாங்க வரும் சந்தர்ப்பங்களைப் பிரிப்பதே பொருத்தம்.

இதற்குப் பெரிய ஆய்வெல்லாம் தேவையில்லை. கல்லாவில் ஒரு நோட்டு வைத்து இரண்டு வாரம் நான்கு விஷயங்களைக் குறித்து வந்தால் போதும். என்ன வாங்கினார், எத்தனை மணிக்கு, அங்கேயே சாப்பிட்டாரா பார்சலா, யாருக்காக. கடைசிக் கேள்விக்கு மட்டும் வாயைத் திறந்து கேட்க வேண்டியிருக்கும். “வீட்டுக்கா, ஆஸ்பத்திரிக்கா?” என்று கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

நம் கடையின் நோட்டில் ஐந்து கூட்டங்கள் தென்படுகின்றன என்று கொள்வோம். பள்ளி விட்டதும் வருபவர்கள், பிறந்தநாள் கேக் சொல்பவர்கள், நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள், மொத்தமாகப் பன் எடுக்கும் டீக்கடைக்காரர்கள், வீட்டுக்கு பிரெட் வாங்குபவர்கள். இதில் கடைசிக் கூட்டத்தைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். பிரெட் காலை உணவுக்குத்தான். அதனால் காலையில்தான் விற்கும் என்று எண்ணி, மாஸ்டர் நள்ளிரவு தாண்டியதும் எழுந்து மாவு பிசைந்துகொண்டிருந்தார். நோட்டைப் பார்த்தால், பிரெட்டில் பெரும்பகுதி மாலை ஐந்துக்கும் எட்டுக்கும் இடையில் விற்றிருக்கிறது. வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் மறுநாள் காலைக்கு முதல் நாளே வாங்கிவிடுகிறார்கள். விடியலில் சுட்டது அவர்கள் கைக்குப் போகும்போது பன்னிரண்டு மணி நேரம் கடந்திருக்கும். தட்டில் வைக்கும்போது ஒரு நாளுக்கு மேல் ஆகியிருக்கும். வயதையும் வருமானத்தையும் எவ்வளவு அலசியிருந்தாலும் இது தெரிந்திருக்காது.

இந்த நோட்டுக்கும் ஒரு குறை உண்டு. கடைக்கு வந்தவர்களை மட்டுமே அது காட்டும், வராதவர்களைக் காட்டாது. ஆகவே அடுக்குமாடிக் குடியிருப்பில் பத்துப் பன்னிரண்டு வீடுகளில், பிரெட் எங்கே வாங்குகிறார்கள், ஏன் அங்கே என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. “பேக்கரியில என்னைக்குப் போட்டதுன்னே தெரியாது, கம்பெனி பிரெட்ல தேதியாவது இருக்கும்” என்ற பதில் வந்தால், அது நோட்டில் இருக்கும் எந்தக் கணக்கைவிடவும் மதிப்புள்ளது.

இப்போது தேர்வு. எந்தக் கூட்டம் பெரியது என்பது ஒரு கேள்விதான். ஒற்றை மாஸ்டர் உள்ள கடையில் அதைவிட முக்கியமானது, அவருடைய ஒரு மணி நேர உழைப்பு எந்தக் கூட்டத்திடமிருந்து எவ்வளவு மிச்சம் கொண்டுவருகிறது என்பது. ஒரு பிரெட் 45 ரூபாய்க்கு விற்று, மைதா, ஈஸ்ட், கவர், எரிபொருள் போக 20 ரூபாய் நிற்பதாகக் கொண்டால் 60 பிரெட்டுக்கு 1,200 ரூபாய். இதற்கு மாஸ்டரின் கை இரண்டரை மணி நேரம் பிடிக்கும் என்றால் மணிக்கு 480. டீக்கடைக்குப் போகும் 300 பன்னில் ஒன்றுக்கு ஒன்றரை ரூபாய்தான் நிற்கிறது. இரண்டு மணி நேர வேலைக்கு 450, அதாவது மணிக்கு 225. பப்ஸ் மணிக்கு 400 தருகிறது. க்ரீம் கேக் ஒன்றில் 350 ரூபாய் மிஞ்சுகிறது, ஆனால் அது முழுதாக ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடுகிறது. இவை எடுத்துக்காட்டுக்கான தொகைகள், ஒவ்வொரு கடைக்கும் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

தொகையோடு போட்டியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். க்ரீம் கேக்கில் மெயின் ரோட்டுக் கடையிடம் கண்ணாடிக் குளிர்பெட்டி, நூறு மாடல், செல்போனில் ஆர்டர் எல்லாம் இருக்கின்றன. அங்கே போய் மோதுவதில் பயனில்லை. பிரெட்டில் எதிராளி சூப்பர் மார்க்கெட். அவர்களுடைய பிரெட் தொழிற்சாலையிலிருந்து வந்து நாள்கணக்கில் இருக்க வேண்டியது, அதனால் அன்று சுட்டதை அவர்களால் தர முடியாது. சின்னக் கடை ஜெயிக்கக்கூடிய இடம் அது. எனவே வேலை முடிந்து திரும்பும் வழியில் மறுநாள் காலைக்கு பிரெட் வாங்கும் குடும்பங்களே கடையின் முதல் இலக்கு. பள்ளி விட்டு வரும் கூட்டம் இரண்டாவது, ஏனென்றால் அதே அடுப்பு அதற்கும் இடம் கொடுக்கிறது. டீக்கடைப் பன்னை நிறுத்திவிடலாம். க்ரீம் கேக்கை முன்கூட்டிச் சொன்னால் மட்டும் செய்யலாம்.

பல கடைகள் சறுக்குவது இந்த விடுவதில்தான். இலக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டதாகச் சொல்வார்கள், பழைய பட்டியலில் ஒன்றைக்கூட எடுக்க மாட்டார்கள். அப்படியானால் மாஸ்டரின் நேரம் முன்போலவே சிதறும், தேர்வு பேச்சோடு நின்றுவிடும். அதே சமயம், டீக்கடைக்காரர்கள் தரும் ரொக்கத்தில்தான் மைதா மூட்டைக்குப் பணம் கட்டப்படுகிறது என்றால் ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. மாதம் ஒரு கடையாகக் குறைப்பதே விவேகம்.

மூன்றாவது வேலை நிலைநிறுத்துதல். அழகான ஒரு வாசகம் எழுதுவதாக இதைப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது, குறிப்பிட்ட ஒருவர் மனதில் இன்னொரு கடைக்குப் பக்கத்தில் நம் கடை எப்படி நிற்க வேண்டும் என்ற முடிவு. அதில் யாருக்கு, எதற்கு மாற்றாக, என்ன வேறுபாடு, ஏன் நம்ப வேண்டும் என்ற நான்கும் இருக்க வேண்டும். நம் கடைக்கு அது இப்படி வரும்: மறுநாள் காலைக்கு பிரெட் வாங்கும் குடும்பங்களுக்கு, சூப்பர் மார்க்கெட் பாக்கெட்டுக்கு மாற்றாக, அன்று மாலை ஐந்து மணிக்கு வந்த பிரெட். நேற்றைய பிரெட் அலமாரியில் இருக்காது என்பதே நம்புவதற்குக் காரணம்.

கன்னட நாட்டு ஹாசன் பகுதிக் குடும்பங்கள் பெங்களூரில் தொடங்கிய ஐயங்கார் பேக்கரிகள் இதற்கு நல்ல சான்று. முட்டை சேர்க்காத பொருள்கள் என்ற ஒரே விஷயத்தால், பேக்கரிப் பண்டம் என்றாலே தயங்கிய சைவ வீடுகளுக்குள் அவை நுழைந்தன. இன்று பெயர்ப்பலகையே அந்த உறுதியைச் சொல்லிவிடுகிறது.

சொன்னதை நிறைவேற்ற அடுப்பங்கரையின் கடிகாரம் மாற வேண்டும். காலை பதினொன்றரைக்கு மாவு பிசைந்தால், புளித்து உப்பி, டின்னில் மறுபடி எழும்பி, இரண்டரை மணிக்கு அடுப்புக்குள் போகும். மூன்று மணி சுமாருக்கு வெளியே வரும். சூட்டோடு ஸ்லைஸ் போட்டால் நடுப்பகுதி பிசுபிசுத்து நசுங்கும், கவருக்குள் நீர் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். அதனால் ஒன்றரை மணி நேரமாவது ஆற வேண்டும். ஆறும் நேரத்தில் அடுப்பு சும்மா இருப்பதில்லை, பப்ஸ் தட்டுகள் உள்ளே போய் நான்கு மணிக்குச் சூடாக வந்துவிடும். ஐந்து மணிக்கு பிரெட் அலமாரியில் இருக்கும். கவரில் தேதியோடு நேரமும் அச்சாகும். இரவு மிஞ்சியது மறுநாள் ரஸ்க்காகும். இப்படி ஏற்பாடு செய்தால்தான் நேற்றையதை விற்பதில்லை என்ற உறுதி நஷ்டமில்லாமல் நிற்கும்.

விலையும் இதையொட்டியே போக வேண்டும். கம்பெனி பிரெட்டைவிட மலிவாக வைத்தால், இது அதைவிட மட்டம் என்று விலையே சொல்லிவிடும். ஐந்து ரூபாய் கூடுதலாக வைப்பதில் தவறில்லை. கெடாமலிருக்க எதுவும் சேர்க்கவில்லை என்று போர்டு எழுதும் முன் மட்டும் ஒரு சோதனை தேவை. வாங்கும் பிரெட் இம்ப்ரூவர் பாக்கெட்டில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று மாஸ்டர் படித்துப் பார்த்திருக்க வேண்டும்.

நிலைநிறுத்துதல் பலித்ததா என்பதைக் கல்லாவில் நிற்பவரே சொல்லிவிடலாம். மூன்று மாதம் கழித்தும் வருகிறவர்கள் “இது இன்னைக்குப் போட்டதா?” என்று கேட்டால் இன்னும் பதியவில்லை. “அஞ்சு மணி பிரெட் வந்துடுச்சா?” என்று கேட்கத் தொடங்கினால் பதிந்துவிட்டது. இரவில் மிஞ்சும் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். தினமும் பத்துக்கு மேல் மிஞ்சினால் அளவு தப்பு, அல்லது தேர்ந்தெடுத்த கூட்டம் நினைத்ததைவிடச் சிறியது. ஆறரைக்கே தீர்ந்துபோனால் ஏழு மணிக்கு வருபவர் ஏமாந்து சூப்பர் மார்க்கெட்டுக்குப் போவார். பள்ளி விடுமுறையில் நான்கு மணிக் கூட்டம் மறைந்துவிடும், பப்ஸ் தட்டுகளை அப்போது குறைக்க வேண்டும். சூப்பர் மார்க்கெட்டே உள்ளே ஓர் அடுப்பு வைத்துச் சுடத் தொடங்கினால், அன்று சுட்டது என்பது வேறுபாடாக இருக்காது. அப்போது மறுபடி கல்லாவில் நோட்டு வைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.